தொண்டையில் விரல் வைத்தறிதல்: அதிர்வொலியும் அதிரா ஒலியும்



கெடா மாநிலத்தின் தென்பகுதியில் கூலிமில் புறப்பட்டு, பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங், குருண் வழியாக வடக்கே அலோர் ஸ்டார், ஜித்ரா வரை செல்லும் ஒருவர் இவ்வூர்ப் பெயர்களைச் சாலைப் பலகைகளில் மலாய் எழுத்திலும், தமிழ் நாளிதழ்களில் தமிழெழுத்திலும் காண்கிறார். கூலிம், குருண் என்னும் இரண்டு பெயர்களும் தமிழில் ககரத்தில் தொடங்குகின்றன. மலாய்ப் பலகையிலோ அவற்றின் முதலெழுத்துகள் வேறு வேறு. பாடாங் செராயும் பாலிங்கும் அப்படியே: தமிழில் இரண்டும் 'பா', மலாயில் ஒன்றல்ல. தமிழ் மட்டும் அறிந்த ஒருவர் இப்பெயர்களைப் படித்தால், எதில் 'பா'வை மென்மையாகவும் எதில் வன்மையாகவும் சொல்ல வேண்டும் என்பதை எழுத்திலிருந்து அறிய வழியில்லை.

நம் தோட்டப்புறப் பள்ளிகளிலும் நகரப் பள்ளிகளிலும் மலாய்ச் சொல்வதெழுதல் நடக்கும்போது இச்சிக்கல் பிள்ளையின் கைக்கு வந்து சேர்கிறது. சம்பளம் என்னும் பொருளுடைய சொல்லை ஆசிரியர் சொல்ல, ஆராய்தல் என்னும் பொருளுடைய சொல்லைப் பிள்ளை எழுதுகிறது. 'இரண்டு' என்பதற்கு 'முதிய' என்று எழுதுகிறது. 'கவனமாகக் கேள்' என்று நாம் சொல்கிறோம். பிள்ளை கவனமாகத்தான் கேட்கிறது. கேட்கும் செவி எங்கே கவனிக்க வேண்டும் என்பதுதான் அதற்குச் சொல்லப்படவில்லை. அந்த இடம் தொண்டை. அதைச் செவிக்கு முன்னே விரலுக்கு உணர்த்தலாம் என்பதும், அவ்வாறு உணர்த்தும்போது எங்கே தவறுகிறோம் என்பதும் இன்றைய உரையின் பொருள்.

மேலே செல்லுமுன் ஓர் எழுத்துமுறையை ஏற்படுத்திக்கொள்வோம். வடமொழிச் சுலோகங்களைத் தமிழெழுத்தில் அச்சிடுவோர், மென்மையாக ஒலிக்க வேண்டிய வல்லெழுத்தின் மேல் 3 என்னும் எண்ணைச் சிறிதாக இடுவது வழக்கம். அதையே நாமும் கொள்வோம். எண் இல்லாத 'கா' கூலிமின் ஒலி. 'கா³' குருணின் ஒலி. நாம் ஒப்பிடும் எழுத்தில் மட்டும் இவ்வெண்ணை இடுவோம். ஆகவே காஜி என்றால் ஆராய்தல், கா³ஜி என்றால் சம்பளம். துவா முதிய, து³வா இரண்டு. காலி தடவை, கா³லி தோண்டு. பாக்கு ஆணி, பா³க்கு செந்தரமான. பொருள் முழுவதும் மாறுவதற்கு இந்த ஓரொலி வேறுபாடே போதுமானதாக இருக்கிறது.

இவ்விரு வகை ஒலிகளையும் தமிழ்ப்பிள்ளைக்குச் சொல்ல வராது என்று எண்ணுவோர் உண்டு. அது சரியன்று. 'சத்து' என்னும் போதும் 'சந்து' என்னும் போதும் நாம் எழுதுவது ஒரே தகரம். ஒலிப்பது இரண்டு தகரம். 'பாட்டு' என்பதன் டகரமும் 'பாடு' என்பதன் டகரமும் வேறு. தமிழில் வல்லெழுத்து சொல்லின் முதலில் வந்தாலும் இரட்டித்து வந்தாலும் வன்மையாக ஒலிக்கும். மெல்லெழுத்தை அடுத்தோ, உயிர்களுக்கிடையே தனித்தோ வந்தால் மென்மையாகும். இடம் ஒலியை முடிவுசெய்து விடுவதால் தனி எழுத்து வேண்டியதில்லை. தொல்காப்பியப் பிறப்பியல் எழுத்துகள் பிறக்கும் இடங்களையும் முயற்சியையும் நுட்பமாகச் சொல்கிறது. இந்த வேறுபாட்டைச் சொல்லவில்லை. தமிழுக்கு அது பொருள் வேறுபடுத்தும் வேறுபாடு அன்று என்பதால் அதைச் சொல்ல வேண்டிய தேவையும் எழவில்லை. 1856இல் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் இதைத் திராவிட மொழிகளின் ஒலிவிதிகளுள் ஒன்றாக வகுத்தார். இராசேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பால் நாம் அறிந்த 'கடாரம்' என்னும் பழம்பெயரை இவ்விதிப்படி படித்துப் பாருங்கள். முதல் ககரம் வன்மை, இடையிலுள்ள டகரம் மென்மை. இன்றைய மலாய்ப் பெயரிலும் முதல் ஒலி வன்மை, இடையொலி மென்மையே.

இந்நாட்டுத் தமிழர் இவ்விதியைத் தம்மை அறியாமலே மலாய்ப் பெயர்களை எழுதவும் பயன்படுத்தி வந்திருக்கின்றனர். சுங்கை பட்டாணியில் ஏன் 'ட்டா'? அங்குள்ள மலாய்ச் சொல்லுக்கு உழவர் என்பது பொருள். பட்டாணிக் கடலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒற்றை டகரம் எழுதினால் அது மென்மையாகிவிடும் என்பதால் இரட்டித்தனர். கோலா கெட்டில், கெப்பாலா பத்தாஸ் என்பவற்றிலும் அதே காரணத்தால்தான் இரட்டிப்பு. பாடாங்கிலும் பீடோங்கிலும் மலாய் ஒலி மென்மை. ஆகவே ஒற்றை டகரம். சொல்லின் இடையில் நம் எழுத்து இவ்வளவு திறமையாக வேலை செய்கிறது. சொல்லின் முதலிலோ இரட்டிக்க வழியில்லை. 'ச', 'ஜ' என்னும் ஓரிணைக்கு மட்டும் கிரந்த எழுத்து கைகொடுக்கிறது. ஜித்ராவை ஐயமின்றி எழுதலாம். மற்ற மூன்று இணைகளுக்கும் எழுத்தும் துணையில்லை, விதியும் துணையில்லை. பிள்ளைகளின் பிழைகள் சொல்லின் முதலெழுத்தில் குவிவதை ஆசிரியர்கள் திருத்திய ஏடுகளிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

இனித் தொண்டைக்குள் நிகழ்வதைக் காண்போம்.

குரல்வளைக்குள், மூச்சுக்குழாயின் உச்சியில், முன்பின்னாக இரண்டு தசை மடிப்புகள் உள்ளன. வளர்ந்த ஆணுக்குக்கூட அவற்றின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை செ.மீ. அளவே, பெண்ணுக்கும் சிறுவர்க்கும் இன்னும் குறைவு. முன்புறம் இரண்டும் ஓரிடத்தில் பொருந்தியிருக்கும்; பின்புறம் விலகவும் சேரவும் இயலும். மூச்சு விடும்போது அவை ஒரு முக்கோண இடைவெளியைத் திறந்து வைத்திருக்கின்றன. தமிழில் இவற்றைக் குரல்நாண் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அச்சொல் நமக்குச் சற்று இடையூறு செய்கிறது. நாண் என்றதும் வீணைக் கம்பி நினைவுக்கு வருகிறது. யாரோ மீட்ட, கம்பி துடிக்க, ஒலி பிறப்பதாக எண்ணுகிறோம். குரல்மடிப்பு கம்பிபோல் மீட்டப்படுவதில்லை. அதற்கு நெருங்கிய உவமை நாதசுரத்தின் சீவாளி. சீவாளியின் இரண்டு இதழ்களுக்கிடையே காற்று புகும்போது இதழ்கள் மாறி மாறித் திறந்து மூடுகின்றன. காற்று தொடர்ச்சியாகச் செல்லாமல் துண்டு துண்டாகச் செல்கிறது.

மடிப்புகளும் அவ்வாறே. பேச விழையும்போது தசைகள் அவற்றை மென்மையாக ஒன்று சேர்க்கின்றன. தசைகளின் வேலை பெரும்பாலும் அதோடு முடிந்தது. நுரையீரலிலிருந்து வரும் காற்று கீழே தேங்கி அழுத்தம் பெறுகிறது. அழுத்தம் மடிப்புகளின் கீழ்விளிம்பை முதலில் பிரிக்கிறது, பின் மேல்விளிம்பைப் பிரிக்கிறது. சிறு காற்றுத்துண்டு ஒன்று வெளியேறுகிறது. காற்று விரைந்து செல்கையில் இடையிலுள்ள அழுத்தம் குறைகிறது, மடிப்புகளின் சொந்த நெகிழ்வும் அவற்றைத் திரும்ப இழுக்கிறது, அவை மூடிக்கொள்கின்றன. மீண்டும் அழுத்தம், மீண்டும் திறப்பு. ஆணின் இயல்பான பேச்சில் நொடிக்கு ஏறத்தாழ 120 முறையும், பெண்ணின் பேச்சில் 200 முறைக்குச் சற்று மேலும், சிறுவர் பேச்சில் 250 முறைக்கும் மேலும் இது நிகழ்கிறது.

இத்தனை விரைவான அசைவை நரம்புதான் ஒவ்வொரு முறையும் தூண்டுகிறது என்று பிரெஞ்சு அறிஞர் உசோன் 1950ஆம் ஆண்டளவில் வாதிட்டார். அக்கருத்து நிலைக்கவில்லை. காற்றும் நெகிழ்வும் சேர்ந்தே இதைச் செய்கின்றன என்பதை நெதர்லாந்தின் வான் டென் பெர்க் 1958இல் விளக்கினார். மடிப்புகளைக் கண்ணால் கண்டவர்களுள் முன்னோடியும் ஒரு பாட்டாசிரியரே என்பது குறிப்பிடத்தக்கது. இலண்டனில் இசை பயிற்றிய மானுவேல் கார்சியா 1854இல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியைத் தம் வாய்க்குள் வைத்து, கதிரவன் ஒளியைச் செலுத்தித் தம் மடிப்புகள் அசைவதைத் தாமே பார்த்தார்.

காற்று துண்டுபடுவதால் என்ன விளைகிறது? மடிப்புகள் திறப்பதைவிட விரைவாக மூடுகின்றன. ஓடிக்கொண்டிருந்த காற்று திடீரெனத் தடைப்படும் அந்தக் கணத்தில் மேலேயுள்ள தொண்டை, வாய், மூக்கு ஆகிய குழாயில் ஒரு தட்டு விழுகிறது. ஒலியின் வலிமை பெரும்பாலும் இந்த மூடலிலிருந்து பிறக்கிறது. காற்றைத் தள்ளும் வேகத்திலிருந்து அன்று. இத்தட்டுகள் தொடர்ந்து விழும்போது ஒரு முழக்கம் உண்டாகிறது. நாக்கும் இதழும் அம்முழக்கத்தை ஆகாரமாகவோ ஈகாரமாகவோ வடிக்கின்றன. முழக்கம் இருக்கும்போது பிறக்கும் மெய்யை அதிர்வொலி என்போம். மடிப்புகள் விலகி நின்று காற்றை ஓசையின்றி விட்டுவிட, வாய்க்குள் உண்டாகும் உராய்வோ வெடிப்போ மட்டும் ஒலியாவதை அதிரா ஒலி என்போம்.

மடிப்புகளின் அதிர்வு அவற்றைச் சூழ்ந்த குருத்தெலும்புக்கும், அதன் மேலுள்ள தோலுக்கும் பரவுகிறது. விரல்நுனி அதை உணர்கிறது. விரல்நுனியின் உணர்வு நொடிக்கு 250 முறையளவான அதிர்வுக்கு மிகக் கூர்மையானது. பெண், சிறுவர் குரல்களின் அளவும் அதை அடுத்தே இருப்பது நமக்கு வாய்ப்பாக அமைகிறது.

வைக்கும் இடம் முக்கியம். ஆண்களுக்குக் கழுத்தின் முன்னே மேடாகத் தெரிவதும், பேச்சில் 'சங்கு' எனப்படுவதுமான அந்த இடமே வேண்டியது. சிறுவர்க்கும் பெண்களுக்கும் மேடு தெரியாது. ஆகவே 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே விரல்களைத் தாடையின் கீழிருந்து மெல்ல இறக்கி, அதிர்வு மிகுதியாக உள்ள இடத்தில் நிறுத்தச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று விரல்களின் நுனியைத் தட்டையாக, மெதுவாக வைத்தால் போதும். அழுத்தினால் அதிர்வு மட்டுப்படும், பிள்ளைக்கு இருமலும் வரும். கழுத்தின் பக்கவாட்டில் விரல் வைக்கும் பிள்ளைக்கு நாடித்துடிப்பு தட்டுப்பட்டு, 'அதிர்கிறது' என்று சொல்லிவிடும். நாடி ஒரு நொடிக்கு ஒன்றோ இரண்டோ தட்டு. குரலின் அதிர்வு வண்டின் இரைச்சல்போல் தொடர்ச்சியானது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நன்று. விரலை நம்பாத பிள்ளை இரு காதுகளையும் உள்ளங்கையால் பொத்திக்கொள்ளட்டும். அதிர்வு தலைக்குள் இரைச்சலாகக் கேட்கும்.

முதல் பயிற்சி பாம்பும் வண்டும். பாம்பு சீறுவதுபோல் 'ஸ்ஸ்ஸ்' என்று நீட்டினால் விரலில் ஒன்றும் இல்லை. நாக்கை அசைக்காமல் வண்டுபோல் இரைந்தால் விரல் கூசும். மாறி மாறி, மூச்சை நிறுத்தாமல் செய்யச் சொன்னால், தொண்டையில் ஒரு விசை இருப்பதையும் அதைத் தாமே முடுக்கவும் அணைக்கவும் இயல்வதையும் பிள்ளைகள் அரை நிமிடத்தில் கண்டுகொள்வர். அடுத்து எந்தச் சொல்லையாவது கிசுகிசுவென்று சொல்லச் செய்யலாம். கிசுகிசுப்பில் மடிப்புகள் அதிர்வதேயில்லை. உயிரெழுத்துக்குக்கூட விரல் அமைதியாக இருக்கும்.

இதன் பிறகு பெரும்பாலான வகுப்புகளில் ஒரு தவறு நேர்கிறது. ஆசிரியர், 'இப்போது கா என்று சொல்லுங்கள், கா³ என்று சொல்லுங்கள், எது அதிர்கிறது?' என்று கேட்கிறார். பிள்ளைகள் இரண்டும் அதிர்கின்றன என்கின்றனர். அவர்கள் சொல்வது உண்மை. ஆகாரம் ஓர் உயிர். உயிர் எப்போதும் அதிரும். மெய் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிட, விரல் உணர்வது உயிரின் அதிர்வை. எதிர்பார்த்த விடை வராதபோது ஆசிரியர், 'நன்றாகத் தொட்டுப் பார்' என்கிறார். பிள்ளை ஆசிரியரின் முகம் பார்த்து விடையை மாற்றிக்கொள்கிறது. சோதனை அங்கே பயனற்றுப் போகிறது. உராய்வொலிகளை நீட்டலாம், வெடிப்பொலிகளை அவ்வாறு நீட்ட இயலாது. வெடிப்பொலிக்கு வேறு வழி வேண்டும்.

அவ்வழி, மெய்யை இரண்டு உயிர்களுக்கு நடுவில் வைப்பது. அப்போது கேட்க வேண்டிய வினா 'அதிர்கிறதா?' என்பதன்று, 'அதிர்வு நடுவில் அறுகிறதா?' என்பதே. 'பாட்டு' என்பதை மெதுவாகச் சொன்னால், ஆகாரத்தில் அதிர்வு. 'ட்ட்' என்று நாக்கு நிற்கும்போது அமைதி. உகரத்தில் மீண்டும் அதிர்வு. 'பாடு' என்பதில் அறுபடாமல் ஓடுகிறது. சத்து அறுகிறது, சந்து அறுவதில்லை. தமிழ்ச் சொற்களில் இதைப் பழகிய பிறகு மலாய்க்குச் செல்லலாம். நிபுணரைக் குறிக்கும் பாக்கார் அறுகிறது. வேலியைக் குறிக்கும் பாகா³ர் அறுவதில்லை. நம் பிள்ளைகள் பாக்காரின் ககரத்தை மலாய்க்காரரைவிடச் சற்று நீட்டிச் சொல்வர். அதனால் கேடில்லை, மலாயில் நீளம் பொருளை மாற்றுவதில்லை.

சொல்லின் முதலெழுத்துக்கு வருவோம். நம் சிக்கலின் உயிர்நிலை அங்கே. 1964இல் லிஸ்கர், ஆபிராம்சன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் பதினொரு மொழிகளின் சொன்முதல் வெடிப்பொலிகளை அளந்து வெளியிட்டனர். அவற்றுள் தமிழும் ஒன்று, தாய் மொழியும் ஒன்று. அவர்கள் அளந்தது மிக எளிய ஒன்று: வாய் திறந்து வெடிப்பு நிகழும் கணத்துக்கும், மடிப்புகள் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் உள்ள இடைவெளி. தமிழர் பகரத்தை வன்மையாகச் சொல்லும்போது வெடித்த பின் ஏறத்தாழ 10 மில்லி நொடியில் அதிர்வு தொடங்கியது. கடன்சொற்களில் வரும் மென்மையான பகரத்தில், இதழ் திறப்பதற்குப் பல பத்து மில்லி நொடிகள் முன்னதாகவே அதிர்வு தொடங்கிவிட்டது. மலாயின் இணைகளும் இதே வகையின. ஆகவே பாக்கு, பா³க்கு என்பவற்றின் வேறுபாடு அதிர்வு உண்டா இல்லையா என்பதில் இல்லை. இதழ் மூடியிருக்கும்போதே தொடங்குகிறதா, திறந்த பின் தொடங்குகிறதா என்பதில் இருக்கிறது. ஒரு நொடியின் நூற்றில் சில பங்கான இந்த முன்பின்னை விரல் தனியே பிரித்தறிவது அரிது.

ஆங்கிலம் கற்பிப்போர் இங்கே ஒரு பொறியில் சிக்குவர். ஆங்கிலேயர் சொன்முதலில் மென்மையான பகரத்தைச் சொல்லும்போது பெரும்பாலும் இதழ் திறக்கும் முன் அதிர்வு இருப்பதில்லை. அவர்களுடைய மென்மையான பகரம் நம் வன்மையான பகரத்துக்கு அருகில் நிற்கிறது. வேறுபாட்டை அவர்கள் வேறு வழியில் காட்டுகின்றனர்: வன்மையான பகரத்தின் பின் ஏறத்தாழ 60 மில்லி நொடி வெறும் மூச்சை விட்டு, அதன் பின்னரே அதிர்வைத் தொடங்குகின்றனர்; ககரத்துக்கு இது 80 வரை செல்லும். எனவே ஆங்கிலச் சொன்முதலுக்குத் தொண்டைச் சோதனை உதவாது. வாய்முன் ஒரு மெல்லிய தாள்துண்டைப் பிடித்து, அது துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். மலாய்க்கோ தாள் உதவாது, விரல்தான் உதவும். இரண்டு மொழிகளையும் ஒரே சோதனையால் கற்பிக்க முயலும் வகுப்பில் பிள்ளைகள் குழம்புவது இயல்பு.

மலாய்ச் சொன்முதலுக்கு நாம் செய்ய வேண்டியதை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று கா³ஜியைக் காஜி என்றே சொல்லி, அவ்வாறே எழுதுகிறது என்று கொள்வோம். முதலில், உயிரில் முடியும் ஒரு சொல்லை முன்னே சேர்க்கிறோம். 'அது' என்னும் பொருளுடைய 'இத்து' என்ற மலாய்ச் சொல் போதும். 'இத்து காஜி', 'இத்து கா³ஜி' என்று ஆசிரியர் தம் தொண்டையில் விரல் வைத்துக்கொண்டு சொல்லிக் காட்டுகிறார். பிறகு பிள்ளை தன் தொண்டையில் வைத்துச் சொல்கிறது. சொன்முதலாக இருந்த ககரம் இப்போது இரு உயிர்களுக்கு நடுவில் வந்துவிட்டது. ஆகவே அறுபடுகிறதா என்னும் வினா இங்கும் செல்லும். இரண்டு சொற்களுக்கிடையே பிள்ளை மூச்சு விட்டுவிட்டால் இரண்டிலும் அறுபடும், சோதனை கெடும். ஒரே மூச்சில், ஒரு சொல்போல் சொல்ல வேண்டும்.

பிள்ளை இரண்டையும் அறுத்தே சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது தமிழ் அதற்குக் கற்றுத்தந்த மென்மையை எடுத்துக் கையாளலாம். 'சங்கு' என்பதில் மென்மையான ககரம் அதன் வாயில் முன்பே இருக்கிறது. 'ங்ங்ங்' என்று மூக்கால் முனகத் தொடங்கி, அதிர்வை நிறுத்தாமல் 'கா³ஜி' என்று விடச் சொல்கிறோம். முனகலை ஒவ்வொரு முறையும் குறைத்துக்கொண்டே வருகிறோம். கடைசியில் முனகல் மறைந்து, அதிர்வின் முற்பகுதி மட்டும் எஞ்சுகிறது. பகரத்துக்கு 'ம்ம்ம்', தகரத்துக்கு 'ந்ந்ந்'. முனகல் முழுதும் மறைந்ததா என்று ஐயமானால் பிள்ளையின் மூக்கை இரு விரலால் மூடச் சொல்லலாம். மெல்லெழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் ஒலி அடைபட்டுத் திரியும். தூய கா³வாக இருந்தால் மூக்கை மூடுவதால் எந்த மாற்றமும் இராது.

சொல்ல வந்த பிறகே எழுத வேண்டும். ஆசிரியர் இரு சொற்களையும் முறைமாற்றிப் பத்து முறை சொல்ல, பிள்ளை அறுபட்டதா இல்லையா என்று கையை மட்டும் உயர்த்தட்டும். பத்தில் ஐந்து சரியானால் அது குருட்டு அடி. ஒன்பதோ பத்தோ சரியானால் செவி பிடித்துக்கொண்டது எனலாம். இங்கே ஆசிரியர் தம் வாயை ஏட்டால் மறைத்துக்கொள்வது நல்லது. பிள்ளைகள் முகக்குறிப்பைப் படிப்பதில் நம்மினும் வல்லவர்கள்.

எந்த இணையில் தொடங்குவது? பலர் அகரவரிசையைப் பின்பற்றிக் ககரத்தில் தொடங்குகின்றனர். அது மிகக் கடினமான இடம். காரணம் மீண்டும் காற்றழுத்தமே. மடிப்புகள் அதிர வேண்டுமானால் கீழே அழுத்தம் மிகுந்தும் மேலே குறைந்தும் இருக்க வேண்டும். இயல்பான பேச்சில் நுரையீரலின் அழுத்தம் ஏறத்தாழ 7 செ.மீ. உயரமுள்ள நீர் தரும் அழுத்தமே. ஒரு குவளை நீரில் உறிஞ்சுகுழலை 7 செ.மீ. ஆழத்துக்கு இறக்கி, குமிழி வரும் வரை மெல்ல ஊதினால் எவ்வளவு சிறிய அழுத்தம் என்பது விளங்கும். பா³ என்பதற்கு இதழை மூடிக்கொண்டு அதிரும்போது, மடிப்புகளைக் கடந்த காற்று வெளியேற வழியின்றி வாய்க்குள் சேர்கிறது. மேலழுத்தமும் கீழழுத்தமும் சமமானதும் அதிர்வு தானே நின்றுவிடுகிறது. கன்னம் சற்று உப்பியும், குரல்வளை சற்று இறங்கியும் இடம் தருவதால் அது சிறிது நேரம் தாக்குப்பிடிக்கிறது. இதழை மூடி 'ப்³ப்³ப்³' என்று நீட்டிப் பாருங்கள். கன்னம் உப்புவதும், அதன்பின் ஒலி திணறி நிற்பதும் தெரியும். கா³ என்பதற்கு நாவின் பின்பகுதி தொண்டைக்கு அருகிலேயே அடைத்துவிடுகிறது. கன்னம் அடைப்புக்கு வெளியே நின்றுவிட, காற்றுக்கு மிகச் சிறிய இடமே எஞ்சுகிறது. ஆகவே அதிர்வு விரைவில் அடங்குகிறது.

உலக மொழிகள் பலவற்றில் மென்மையான ககரம் விடுபட்டிருப்பதற்கு இதுவே காரணம் என்பது ஒலியியலார் கருத்து. கெடாவின் எல்லைக்கு அப்பால் பேசப்படும் தாய் மொழியில் மென்மையான பகரமும் தகரமும் உண்டு; மென்மையான ககரம் இல்லை. அரபெழுத்தைக் கொண்டு மலாயை எழுதிய ஜாவி முறையினரும் இவ்வொலிக்கு அரபியில் எழுத்தில்லாமையால், வேறோர் எழுத்தின்மேல் புள்ளியிட்டுப் புதிதாக ஆக்கிக்கொண்டனர். வன்மையான பகரத்துக்கும் அவ்வாறே செய்தனர். அரபியில் அதுவும் இல்லை. ஆகவே பாக்கு, பா³க்குவில் தொடங்கி, துவா, து³வாவுக்குச் சென்று, காஜி, கா³ஜியைக் கடைசியாக வைப்பது பிள்ளைக்கு எளிது.

சொல்லின் முதலையும் இடையையும் பார்த்தோம். சொல்லின் இறுதியில் இச்சோதனை செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மலாயில் நூலின் இயலைக் குறிக்கும் பா³ப்³ என்ற சொல்லும், நூற்றாண்டைக் குறிக்கும் ஆபா³த்³ என்ற சொல்லும் மென்மையான எழுத்தில் முடிவனவாக எழுதப்படுகின்றன. பேச்சிலோ இதழோ நாக்கோ மூடி, திறக்காமலே நின்றுவிடுகிறது, அதிர்வும் அடங்கிவிடுகிறது. விரல் வைத்த பிள்ளை 'அறுந்துவிட்டது, ஆகவே வன்மையான எழுத்து' என்று எழுதினால், அது கேட்டது சரி; எழுத்துதான் ஒலியோடு ஒவ்வாமல் நிற்கிறது. மெர்போக் என்னும் ஊர்ப்பெயரின் இறுதி ஒலி இன்னும் வேறு. அங்கே நாக்கு தொடுவதேயில்லை. குரல்மடிப்புகளே இறுக மூடிக் காற்றைத் தடுத்துவிடுகின்றன. இத்தகைய சொற்களின் இறுதியெழுத்தை மனத்திலிருத்தியே எழுத வேண்டும். அவற்றைத் தனிப்பட்டியலாக வகுப்புச் சுவரில் ஒட்டிவைத்து, சொல்வதெழுதலில் அந்த இறுதியெழுத்துக்குச் செவியின் பிழை என்று மதிப்பெண் குறைக்காமல் விடலாம்.